கைப்பிரயாசத்தைப் பார்த்த தேவன்: தூரத்தில் இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு பிரசங்கம்

"ஐயா, எங்கள் சபையில் தந்தையர் தினத்தன்று என்னைப் பிரசங்கிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் போதகர் இல்லை, ஞாயிறு பள்ளி ஆசிரியர்தான். பாதி வீடுகளில் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். சிலருக்கு அப்பா இல்லை. ஊரில் இருக்கிறவர்களிலும் சிலர் வீட்டை நடத்த முடியாமல் தடுமாறுகிறார்கள். யாரையும் நோகடிக்காமல், வெறும் பாராட்டாகவும் போய்விடாமல் என்ன பேசுவது? எந்த வேதபகுதியை எடுப்பது?"

தம்பி, ஆதியாகமம் 31-ஐ எடுங்கள். 38 முதல் 42 வரையுள்ள வசனங்கள். அதோடு 33-ஆம் அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெற்கத்திய சபைகளில் முப்பது வருஷம் ஊழியம் செய்ததில் இந்த நாளுக்குப் பல பகுதிகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஊதாரி மகன் உவமையை எடுத்தேன். அதில் மகன் தூரதேசம் போகிறான், அப்பா வீட்டில் காத்திருக்கிறார். நம் ஊரில் தூரதேசம் போவது அப்பா, வழியைப் பார்த்துக்கொண்டு நிற்பது பிள்ளை. கேட்கிற பிள்ளைக்குக் கதை தலைகீழாகப் படுகிறது. நாசரேத்தூர் யோசேப்பை எடுத்தேன். சுவிசேஷங்களில் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கூட இல்லை, அதனால் பிரசங்கத்தில் பாதி என் கற்பனையாகிவிட்டது. யாக்கோபுதான் நின்றார். பிழைப்புக்கு வெளியூர் போனவர், கூலியில் ஏமாற்றப்பட்டவர், பிற்பாடு சொந்த வீட்டை நடத்தத் தடுமாறியவர் எல்லாம் அவரே. நீங்கள் கேட்ட மூன்று வகை அப்பாக்களில் இரண்டு வகை அந்த ஒரே மனிதனுக்குள் இருக்கிறது.

முதலில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. ஒரு வருஷம் ஆராதனை முடிவில் "அப்பாமார் எல்லாரும் எழுந்து நில்லுங்கள்" என்றேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு பேனா கொடுத்து, அவரவர் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஓடினார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு பையன் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒன்பது வயசு இருக்கும். அப்பா சவூதியில். அவன் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தான். பிறகு வேதாகமத்தைத் திறந்து நடுவில் வைத்து மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். அவன் அம்மா தலையைக் குனிந்திருந்தார். நான் ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டேன், ஆனால் அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று வேறு வரிசைகளில் எத்தனை பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.

ஆகவே யாரையும் நிற்கச் சொல்லாதீர்கள். பரிசு கொடுப்பதானால் ஆராதனைக்குப் பிறகு வாசலில் வீட்டுக்கு ஒன்றாக அம்மாக்களிடமோ பெரிய பிள்ளைகளிடமோ கொடுத்துவிடுங்கள். அப்பா ஊரில் இருக்கிறாரா, வெளிநாட்டிலா, கல்லறைத் தோட்டத்திலா என்று யாரும் பார்த்து எண்ண வேண்டிய அவசியம் வராது.

சரி, பிரசங்கத்துக்கு வருவோம். நான் இந்த நாளின் கதையிலிருந்து தொடங்குவேன். பலர் இதைக் கடைக்காரர்கள் உண்டாக்கிய நாள் என்று நினைக்கிறார்கள். 1907 டிசம்பர் 6 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மொனோங்கா என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 362 பேர் செத்தார்கள். அதில் பெரும்பகுதியினர் இத்தாலி, போலந்து முதலிய தேசங்களிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் தகப்பன் இல்லாதவர்கள் ஆனார்கள். பக்கத்து ஊரான ஃபேர்மான்ட்டில் கிரேஸ் கோல்டன் கிளேட்டன் என்ற பெண் தன் போதகரிடம் போய், அந்த அப்பாக்களுக்காக ஒரு ஆராதனை வைக்க வேண்டும் என்று கேட்டார். அவருடைய தந்தையும் ஒரு மெதடிஸ்ட் போதகர், அப்போது உயிரோடு இல்லை. 1908 ஜூலை 5 அன்று அந்த ஆராதனை நடந்தது. தந்தையருக்கென்று நடந்ததாக நாம் அறிந்த முதல் ஆராதனை அதுதான்.

இதைச் சபையில் சொல்லும்போது கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். அன்று அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் ஆலயத்தில் இல்லை. வேற்று நாட்டில், பூமிக்கு அடியில், வேலை செய்துகொண்டிருந்தபோது போனவர்கள். அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளை இந்த நாளில் ஆலயத்தில் தான் மட்டும் வெளியாள் என்று நினைத்து உட்கார்ந்திருக்கும். அந்த நாள் முதலில் அதற்காகத்தான் வந்தது என்று கேட்டால் நிமிர்ந்து பார்க்கும்.

இரண்டு வருஷம் கழித்து, 1910 ஜூன் 19 அன்று ஸ்போகேன் நகரத்தில் சோனோரா டாட் என்ற பெண் ஏற்பாடு செய்த கொண்டாட்டத்திலிருந்துதான் ஜூன் மாதம் இந்த நாளுக்கு ஒட்டிக்கொண்டது. அவர் அம்மா பிரசவத்தில் இறந்தபின் அப்பா தனியாக ஆறு பிள்ளைகளை வளர்த்தார். இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நம் பக்கத்தில் நர்ஸ் வேலைக்கு அம்மா வெளிநாடு போய், அப்பா வீட்டில் இருந்து சோறு வடித்து, பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. அந்த ஆண்களைச் சபையில் கேலியாகப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த நாளே பாதி அப்படிப்பட்ட ஒருவருக்காக வந்தது என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மேலே விளக்க வேண்டாம், அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது யாக்கோபு. பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். அவர் லாபானிடம் இருபது வருஷம் வேலை செய்தார். பதினாலு வருஷம் இரண்டு பெண்களுக்காக, ஆறு வருஷம் மந்தைக்காக. கடைசியில் சொல்லாமல் புறப்பட்டார். லாபான் துரத்திவந்து கீலேயாத் மலையில் பிடித்து, கூடாரங்களை எல்லாம் சோதனை போட்டான். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் யாக்கோபுக்குக் கோபம் வருகிறது. இருபது வருஷமாக அடக்கிவைத்தது வெளியே வருகிறது. இந்த இடத்தை நீங்களே நிதானமாக வாசியுங்கள், வாசிப்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

"பகலிலே வெயிலும் இராத்திரியிலே குளிரும் என்னைப் பட்சித்தது, நித்திரை என் கண்களுக்குத் தூரமாயிருந்தது." வேதத்தில் ஒரு தகப்பன் தன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் இடம் அரிது. பட்சித்தது, அதாவது தின்றுவிட்டது. வளைகுடாவில் கட்டட வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் புறங்கழுத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் புரியும்.

இங்கே ஒரு உண்மையான இணைப்பு இருக்கிறது, அதை விடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் வெயில் காலத்தில் நண்பகல் நேரத்தில் வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அமீரகத்தில் 12.30 முதல் 3 வரை, சவூதியில் 12 முதல் 3 வரை. அது வருஷாவருஷம் ஜூன் 15 அன்று தொடங்கி செப்டம்பர் 15 வரை நடப்பில் இருக்கும். கத்தாரில் இன்னும் முன்னதாக, ஜூன் 1-லேயே தொடங்கிவிடும். தந்தையர் தினம் ஜூன் மூன்றாம் ஞாயிறு, அதாவது 15-க்கும் 21-க்கும் இடையில்தான் வரும். நாம் இங்கே மின்விசிறிக்கு அடியில் அப்பாக்களைப் பற்றிப் பாடுகிற அதே வாரத்தில், மனிதன் வெளியில் நிற்கக் கூடாது என்று சட்டம் போட வேண்டிய வெயில் அங்கே தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு இது தெரியாது. பல மனைவிமாருக்குமே தெரியாது, ஏனென்றால் அப்பா போனில் "இங்க நல்லாதான் இருக்கு, ஏசி ரூம்தான்" என்று சொல்லிவைத்திருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டதை வேதவசனம் சொல்லட்டும்.

அடுத்த வரி: "பத்துமுறை என் சம்பளத்தை மாற்றினீர்." நான் இதை வாசித்தபோதெல்லாம் விடுப்பில் வந்திருக்கும் ஆண்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பார்கள். ஊரில் ஏஜென்ட் காட்டிய ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், அங்கே போய் இறங்கியபின் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் வேறு சம்பளம் என்பது அவர்களில் பலருக்கு நடந்த கதை. களவுபோன ஆட்டுக்கெல்லாம் யாக்கோபின் கையிலிருந்து பிடித்தம் செய்ததாகவும் 39-ஆம் வசனத்தில் வருகிறது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. லாபானைத் திட்டுவதில் நேரத்தைக் கழித்துவிடாதீர்கள், அரபி முதலாளிகளைப் பற்றிப் பொதுவாகவும் பேசாதீர்கள். நம் சபையிலேயே ஆள் அனுப்பி கமிஷன் வாங்குகிறவர் உட்கார்ந்திருக்கலாம். லாபான் வேற்றாள் கிடையாது, யாக்கோபின் சொந்தத் தாய்மாமன். அதை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

யாக்கோபை நம் ஆட்களோடு முழுக்கப் பொருத்தவும் கூடாது. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதை நீங்களே வாய்திறந்து சொல்லிவிடுவது நல்லது. யாக்கோபுக்கு மனைவி மக்கள் கூடவே இருந்தார்கள். வெயிலில் காய்ந்து வந்தால் கூடாரத்தில் பிள்ளை முகம் பார்க்க முடிந்தது. நம் சபையின் அப்பாக்களுக்கு அதுவும் இல்லை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு, பிள்ளை தூங்குமுன் பேசிவிட வேண்டுமென்று மணி பார்க்கிறார்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சவூதி இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே எட்டு மணிக்கு வேலை முடிந்து குளித்துவிட்டு வந்தால் இங்கே பிள்ளை தூங்கிவிடுகிறது.

இதற்குப் பிறகுதான் பிரசங்கத்தின் நடு. 42-ஆம் வசனத்தில் யாக்கோபு சொல்கிறார், தேவன் "என் சிறுமையையும் என் கைப்பிரயாசத்தையும் பார்த்து" லாபானைக் கடிந்துகொண்டார் என்று. இங்கே யாக்கோபின் ஜெபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. தேவன் பார்த்தது கைகளின் உழைப்பை. பக்தியுள்ள தகப்பன் என்றாலே குடும்ப ஜெபம் நடத்துகிறவர் என்று நாம் ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறோம். அந்தப் படத்தில் வெளிநாட்டு அப்பாவுக்கு இடமே கிடைப்பதில்லை. அவர் அனுப்பும் பணம் வெறும் பணமாகவும், அவர் வேலை குடும்பத்திலிருந்து அவரைப் பிரித்த ஒன்றாகவும் மட்டுமே பேசப்படுகிறது. இந்த வசனம் அந்த வேலையையே தேவனுடைய கண்ணுக்கு முன்னால் வைக்கிறது. "உன் அப்பாவின் கையை நாம் யாரும் பார்க்கவில்லை. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லுங்கள். இப்படி ஒரு வாக்கியம் போதும்.

இந்த இடத்தில்தான் பிரசங்கிமார் வழக்கமாகச் சறுக்குகிறோம். "பூலோகத் தகப்பன் தூரமாயிருக்கலாம், பரலோகப் பிதா ஒருநாளும் உன்னைவிட்டுத் தூரமாகமாட்டார்" என்று சொல்லத் தோன்றும். ஆறுதல் போலத்தான் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்? நல்ல தகப்பன் தூரம் போகமாட்டார், என் அப்பா போனார். சங்கீதம் 103:13 அந்த ஒப்பீட்டை வேறு விதமாகச் செய்கிறது: தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குகிறதுபோலக் கர்த்தர் இரங்குகிறார். பூலோகத் தகப்பனின் இரக்கத்தைக் காட்டித்தான் தேவனுடைய இரக்கத்தை விளக்குகிறது. அந்த அப்பா மேல்கட்டிலில் படுத்து உன் படத்தைப் பெரிசாக்கிப் பார்க்கிறாரே, தேவனுடைய இரக்கம் எப்படி என்று கேட்டால் அதைக் காட்டலாம். இப்படிச் சொன்னால் தேவனும் உயருவார், அப்பாவும் தாழமாட்டார்.

தகப்பன் இறந்துபோன பிள்ளைகளுக்கும், விட்டுவிட்டுப் போன வீடுகளுக்கும் சங்கீதம் 68:5, 27:10 இருக்கின்றன. அவற்றை அவர்களுக்கென்று வையுங்கள். வெளிநாட்டில் உழைக்கிற அப்பாவின் பிள்ளைக்குத் "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்" என்ற வசனத்தை வாசித்தால் அதன் அப்பாவை உயிரோடு புதைத்ததுபோல் ஆகும். நான் கேட்டிருக்கிறேன், ஒரு பெண் பிள்ளை அம்மாவிடம் "நாம திக்கற்றவங்களா?" என்று கேட்டதாக அந்த அம்மாவே வந்து சொன்னார்.

இன்னொரு வசனத்தையும் பார்த்துக் கையாளுங்கள். 1 தீமோத்தேயு 5:8, தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்பது. வேலை இல்லாத அப்பாவின் தலையில் போடுகிற கல்லாக இதை எத்தனையோ முறை பயன்படுத்திவிட்டோம். பவுல் அந்த இடத்தில் பேசிக்கொண்டிருப்பது வயசான விதவைகளைச் சொந்தக்காரர்கள் சபையின் தலையில் கட்டிவிடுவதைப் பற்றி. அதோடு தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் சொல்லைக் கவனியுங்கள்: விசாரிப்பது. ஆஸ்பத்திரியில் இருக்கிறவரைப் பார்த்து விசாரித்துவிட்டு வருகிறோம். பணம் இல்லாத அப்பாவும் விசாரிக்கலாம். மாதம் தவறாமல் பணம் போடுகிற அப்பா விசாரிக்காமலும் இருக்கலாம். இதை எடுத்தால் இந்த அர்த்தத்தோடு எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இனி வீட்டை நடத்தத் தடுமாறுகிறவர்கள். இதற்குத்தான் 33:14. ஏசா யாக்கோபைத் தன்னோடு சேர்ந்து நடக்கக் கூப்பிடுகிறான். யாக்கோபு மறுத்து, மந்தைகளின் கால்நடைக்கும் "பிள்ளைகளின் கால்நடைக்கும் தக்கதாக, மெதுவாய்" நடத்திக்கொண்டு வருகிறேன் என்கிறார். வேதம் நன்றாகத் தெரிந்த யாராவது உங்களிடம் கேட்பார்கள், அவர் ஏசாவைத் தவிர்க்கச் சொன்ன சாக்குத்தானே அது, சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்கல்லவா போனார் என்று. உண்மைதான். அண்ணன் மேல் பயம் முழுக்கத் தீரவில்லை. ஆனால் பிள்ளைகள் சின்னவர்கள் என்பதும், வேகமாக நடத்தினால் தாங்கமாட்டார்கள் என்பதும் பொய் இல்லையே. வீட்டை நடத்துவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான படம் இதுதான்: கடைசிப் பிள்ளையின் கால் எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் முன்னே போவது.

விடுப்பில் வருகிற அப்பாவுக்கு இது உயிர்நாடியான விஷயம், அதனால் இதைச் சற்று விரிவாகப் பேசுங்கள். பொதுவாக இரண்டு வருஷ ஒப்பந்தம், நடுவிலோ முடிவிலோ ஒன்று இரண்டு மாதம் விடுப்பு. அவர் போகும்போது ஏழு வயசாயிருந்த பிள்ளை, வரும்போது ஒன்பது. முதல் வாரம் வீடு திருவிழாதான். பெட்டி பிரிப்பது, சாக்லேட், சொந்தக்காரர் வருவது. இரண்டாம் வாரம் அப்பா கவனிக்கத் தொடங்குகிறார். பிள்ளை எதைக் கேட்டாலும் அம்மாவிடமே கேட்கிறது. அவர் ஒன்று சொன்னால் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. மூன்றாம் வாரம் சத்தம் போடுகிறார்: "நான் ஒருத்தன் இங்க இருக்கேன்ல." அடிக்கக்கூடச் செய்கிறார். பிள்ளை நாளை எண்ணத் தொடங்குகிறது, அப்பா எப்போது திரும்பிப் போவார் என்று. அப்பாவுக்கும் அது தெரிகிறது. விமான நிலையத்தில் பிள்ளை அழவில்லை என்ற ஒன்றைச் சுமந்துகொண்டு அடுத்த இரண்டு வருஷம் அங்கே கிடக்கிறார்.

இந்த வீட்டில் யாரும் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்து அவர் நடக்கத் தொடங்குகிறார், பிள்ளையின் கால் வேறு இடத்தில் இருக்கிறது. எபேசியர் 6:4-ஐ இங்கே வாசிக்கலாம். பிதாக்களுக்கு அதில் முதலில் வரும் கட்டளை பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல் இருப்பது, சிட்சையும் போதனையும் அதற்குப் பின்னால்தான். விடுப்பில் வந்தவர்களுக்கு நான் சொல்வது: முதல் மூன்று வாரம் எந்தச் சட்டத்தையும் மாற்றாதீர்கள். தண்டனை கொடுப்பதானால் அம்மா கொடுக்கட்டும். காலையில் பள்ளிக்குக் கொண்டுவிடுகிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பின்னால் உட்கார்ந்து வருகிற பிள்ளை, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால், நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தானாகப் பேசும். அம்மாமாருக்கும் ஒரு சொல் வேண்டும். "அப்பா வரட்டும், சொல்லித்தர்றேன்" என்று இரண்டு வருஷம் மிரட்டி வைத்த வீட்டுக்குள் அவர் எப்படி நுழைவார்?

வளைகுடாவுக்கே போகாமல் ஊரிலேயே இருந்து தோற்றுக்கொண்டிருக்கிறவர்களும் வந்திருப்பார்கள். வேலை போனவர், கடனில் இருக்கிறவர், குடியை விட முடியாதவர், மகன் பேச்சுக் கேட்காதவர். அவர்களில் பலர் இந்த நாளில் ஆலயத்துக்கு வருவதே இல்லை. வருகிறவர் கடைசி பெஞ்சில் இருப்பார். யாக்கோபும் திரும்பி வந்தபின் வீட்டை நன்றாக நடத்தினார் என்று சொல்ல முடியாது. தீனாளுக்கு நடந்ததைக் கேட்டு, பிள்ளைகள் வரும்வரை பேசாமல் இருந்தார். யோசேப்புக்கு மட்டும் அங்கி செய்து கொடுத்து மற்றப் பிள்ளைகளின் மனதைக் கெடுத்தார். வேதம் இதையெல்லாம் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் தேவன் தம்மை யாக்கோபின் தேவன் என்று சொல்லிக்கொண்டார்.

இதோடு மாற்கு 9-இல் வரும் தகப்பனைச் சேருங்கள். சிறு வயசு முதல் மகன் தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான், சீஷர்களாலும் முடியவில்லை. ஜனக்கூட்டத்துக்கு முன்னால் அவர் கண்ணீரோடே கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." அவர் முதலில் விசுவாசத்தைச் சரிசெய்துகொண்டு வரட்டும் என்று இயேசு சொல்லவில்லை, பையனைச் சுகமாக்கினார். குடிக்கிற தகப்பனுக்கு அன்று பிரசங்க பீடத்திலிருந்து சொல்ல வேண்டியது இவ்வளவுதான். குடியைப் பற்றிய கண்டிப்பை வேறொரு நாள், முடிந்தால் அவர் வீட்டுத் திண்ணையில், இரண்டு பேராக உட்கார்ந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாவிட்டாலும் சபை முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தால், அதன்பின் அவர் வரமாட்டார். பிள்ளையும் வராது.

ஒரு எல்லையை விட்டுக்கொடுக்காதீர்கள். "உன் தகப்பனைக் கனம்பண்ணு" என்ற கட்டளையை, அடியும் அதற்கு மேலானதும் நடக்கிற வீட்டில் வாயை மூடு என்ற அர்த்தத்தில் யாரும் எடுக்க இடம் தரக் கூடாது. கனம்பண்ணுவது வேறு, மறைப்பது வேறு என்று ஒரே வரியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்த மாதிரிப் பிரசங்கத்துக்குப் பிறகு ஒரு பிள்ளை வந்து பேசினாலும் பேசும். நீங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர் என்பதால் உங்களிடம் வர வாய்ப்பு அதிகம். கேளுங்கள், அந்த அப்பாவைக் கூப்பிட்டு விசாரணை செய்யாதீர்கள், போதகரிடம் சொல்லுங்கள், சிறுவர் உதவி எண் 1098-ஐக் கையில் வைத்திருங்கள். அதேபோல் போன் வருவதே நின்றுபோன வீடுகளும் இருக்கலாம். அப்பா விட்டுவிட்டாரா, ஜெயிலிலா, பாஸ்போர்ட்டைப் பிடித்துவைத்திருக்கிறார்களா என்று தெரியாமல் தவிக்கிற மனைவிக்குச் சங்கீதம் மட்டும் போதாது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையத்தளத்தில் புகார் பதியலாம், தமிழக அரசில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. மனு எழுதத் தெரிந்த ஒரு வாலிபரைத் துணைக்கு அனுப்புங்கள்.

நேரத்தைப் பற்றி: மொத்தம் இருபது நிமிஷம் போதும். மொனோங்கா கதைக்கு மூன்று, ஆதியாகமம் 31-க்கு எட்டு, விடுப்பு அப்பாவுக்கு ஐந்து, மாற்கு 9-க்கு நாலு என்று நான் வைத்துக்கொள்வேன். அப்பாக்களின் குரலைப் பதிவு செய்து ஆலயத்தில் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். எல்லா வீட்டிலிருந்தும் வாங்க முடியாது. வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அது என் பேனாவைப் போல ஆகிவிடும், அதனால் வேண்டாம். ஜெபத்தில் பெயர் சொல்வது மட்டும் நல்லது. ஆனால் பட்டியலை முந்தின வாரமே வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர், ஊரில் இருக்கிறவர், கர்த்தருக்குள் போனவர் என்று பிரிக்காமல் வீட்டுப் பெயர் வரிசையில் ஒரே மூச்சாக வாசியுங்கள். சொல்ல வேண்டாம் என்று எந்த அம்மாவாவது சொன்னால், காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, யாருக்காகப் பேசுகிறீர்களோ அவர்கள் அன்று கேட்கமாட்டார்கள். சவூதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைனில் ஞாயிறு வேலைநாள். நேரலை போட்டுப் பயனில்லை. பிரசங்கத்தையும் பெயர் வாசித்த ஜெபத்தையும் போனில் குரல் பதிவாக எடுத்து, சின்னதாக வெட்டி அனுப்புங்கள். வீடியோ வேண்டாம், அங்கே டேட்டா காசு. நம் நேரம் இரண்டு மணிக்குள் போய்ச் சேரும்படி பாருங்கள். அமீரகத்தில் அப்போது மணி 12.30, ஞாயிறும் வேலை இருக்கிறவர்கள் வெளிவேலையை நிறுத்தி நிழலில் உட்காரும் நேரம். அரை மணி கழித்து சவூதியிலும் உட்காருவார்கள்.